அன்பளிப்புப் பார்சலுக்குச் சுங்க வரி: மதிப்பை எப்படிப் போட்டார்கள், என்ன பதில் எழுதுவது

*கேள்வி: கனடாவில் இருக்கும் அக்கா தபாலில் ஒரு பார்சல் அனுப்பினார். புதுக் கைப்பை ஒன்று, பிள்ளைகளுக்கு இரண்டு ஸ்வெட்டர், ஒரு ஜோடி ஷூ. லேபிளில் "கிஃப்ட், 250 டாலர்" என்று எழுதியிருக்கிறார், தபால் செலவு 45 டாலர். இப்போது சுங்கத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது: மதிப்பு 44,089.50 ரூபாய், வரி 13,659 ரூபாய், ஆட்சேபம் இருந்தால் ஏழு நாளில் எழுத வேண்டுமாம். கைப்பைக்கு மட்டும் 30,000 போட்டிருக்கிறார்கள். அக்கா அதைத் தள்ளுபடியில் 150 டாலருக்குத்தான் வாங்கினார். அன்பளிப்புக்கு வரி கிடையாது என்கிறார்களே, என்ன பதில் எழுதுவது?*

முதலில் அந்தக் கடைசி வரியை ஒதுக்கிவிடுங்கள். "இது அன்பளிப்பு, வரி கிடையாது" என்று பதிலை ஆரம்பித்தால் அதற்கு மேல் அதிகாரி படிக்க வேண்டியதே இல்லை. ஒரு காலத்தில் 5,000 ரூபாய் வரையிலான அன்பளிப்புக்கு விலக்கு இருந்தது உண்மைதான். 2019 டிசம்பர் 12 அன்று வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் வெளியிட்ட அறிவிப்போடு அது முடிந்தது. தபாலிலோ கூரியரிலோ வரும் பொருளை அன்பளிப்பு என்று சொல்லி வரியில்லாமல் விடுவிக்கக் கேட்பதற்கே இப்போது தடை. உயிர்காக்கும் மருந்தும் ராக்கிக் கயிறும் மட்டும் விதிவிலக்கு, ராக்கியோடு வரும் பரிசுக்குக்கூட அது இல்லை. ஆனால் அதே அறிவிப்பு இன்னொன்றையும் சொல்கிறது: முழு வரியையும் கட்டினால் அன்பளிப்பாக வரும் பொருளை எடுத்துக்கொள்ளலாம். ஆகவே உங்கள் பார்சலில் குற்றம் ஒன்றும் இல்லை, வரி உண்டு, அவ்வளவுதான். எத்தனை ரூபாய்க்கு வரி என்பதுதான் வழக்கு. அதில் உங்களுக்கு நல்ல நியாயம் இருக்கிறது.

அடுத்து, பலரும் தடுமாறும் இடம். "அக்கா 250 டாலர் என்று எழுதியிருக்கிறாரே, அதை எப்படி மாற்றலாம்?" என்று கோபப்படுவது இயல்பு. ஆனால் சுங்கச் சட்டத்தின் 14ஆம் பிரிவும், அதன் கீழ் வந்த 2007ஆம் ஆண்டு மதிப்பீட்டு விதிகளும் மதிப்பு என்று முதலில் ஏற்பது விற்பனையில் உண்மையாகக் கொடுக்கப்பட்ட விலையை. வாங்குபவர் விற்பவருக்குக் கொடுத்த காசு. அன்பளிப்பில் வாங்குபவரும் இல்லை, விற்பவரும் இல்லை. உங்கள் அக்காவுக்கு நீங்கள் எதுவும் கொடுக்கவில்லை. ஆகவே லேபிளில் இருக்கும் 250, சட்டத்தின் பார்வையில் விலை அல்ல, அனுப்பியவர் சொன்ன ஒரு மதிப்பு. அதிகாரி அதை ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம்.

ஏற்காதபோது அவர் மனம்போல் ஒரு தொகையைப் போட்டுவிட முடியாது என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது. விதிகளில் ஒரு வரிசை இருக்கிறது. அதே பொருள் அதே காலத்தில் இந்தியாவுக்கு வேறொருவரால் இறக்குமதியாகியிருந்தால் அந்த மதிப்பு. அது கிடைக்காவிட்டால் அதைப் போன்ற பொருளின் மதிப்பு. அதுவும் இல்லையென்றால் இந்தியாவில் அந்த இறக்குமதிப் பொருள் விற்கும் விலையிலிருந்து பின்னோக்கிக் கழித்துக்கொண்டே போய்க் கிடைக்கும் மதிப்பு, அது 7ஆம் விதி. பிறகு உற்பத்திச் செலவிலிருந்து கூட்டிக்கொண்டே போய்க் கிடைக்கும் மதிப்பு. எதுவும் ஒத்துவராவிட்டால்தான் கடைசியாக 9ஆம் விதி. அதிலும்கூட தன்னிச்சையான, கற்பனையான மதிப்பைப் போடக்கூடாது என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது.

இப்போது உங்கள் தாளைப் பிரித்துப் பார்ப்போம். கைப்பை 30,000. ஸ்வெட்டர், ஷூ இரண்டுக்கும் அக்கா எழுதிய 100 டாலரை ஏற்றுக்கொண்டு, டாலருக்கு 64 ரூபாய் வீதம் 6,400. இரண்டும் சேர்ந்து 36,400. அதில் 20 சதம் போக்குவரத்துச் செலவு, 7,280. காப்பீடு 1.125 சதம், 409.50. மொத்தம் 44,089.50. இதன் மேல் அடிப்படைச் சுங்க வரி 10 சதம், அந்த வரியின் மேல் 10 சதம் சமூக நலக் கூடுதல் வரி, இவை எல்லாம் சேர்ந்த தொகையின் மேல் இறக்குமதிக்கான ஜிஎஸ்டியான ஐஜிஎஸ்டி 18 சதம். நூறு ரூபாய்ப் பொருளுக்கு 30 ரூபாய் 98 காசு. அப்படித்தான் 13,659 வந்திருக்கிறது. கூட்டலில் பிழை இல்லை. வரி விகிதங்கள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுபவை, அவற்றோடு நீங்கள் மல்லுக்கட்ட வேண்டாம். கோளாறு மேலே, மதிப்பில் இருக்கிறது. இரண்டு இடத்தில்.

பெரிய கோளாறு அந்த 30,000. கடிதத்தில் "இணையத்தில் சரிபார்த்தபடி" என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். அந்தப் பிராண்டின் கைப்பை இந்தியாவில் என்ன விலைக்கு விற்கிறது என்று ஏதோ ஒரு தளத்தில் பார்த்து அப்படியே எடுத்திருக்கிறார்கள். அந்த விலைக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கடைக்காரர் அந்தப் பையை இறக்குமதி செய்தபோது கட்டிய சுங்க வரி அதில் இருக்கிறது. ஜிஎஸ்டி இருக்கிறது. கடை வாடகை, விளம்பரம், லாபம் எல்லாம் இருக்கிறது. கப்பலிலோ விமானத்திலோ வந்த கூலியும் இருக்கிறது. அந்த மொத்தத் தொகையின் மேல் உங்களிடம் மறுபடி சுங்க வரி கேட்டால் அது வரிக்கு வரி, கூலிக்கு வரி, லாபத்துக்கும் வரி. இந்திய விற்பனை விலையை அதிகாரி பயன்படுத்தவே கூடாது என்பதல்ல. பயன்படுத்தினால் 7ஆம் விதிப்படி வரிகளையும் கடையின் செலவையும் லாபத்தையும் கழித்தாக வேண்டும், ஏற்கனவே உள்ளே இருக்கும் கூலியை மறுபடி மேலே சேர்க்கவும் கூடாது.

கழித்தால் என்ன நிற்கும் என்று அவருடைய எண்ணையே வைத்துப் போட்டுக் காட்டுகிறேன். 30,000இல் 18 சத ஜிஎஸ்டி உள்ளே இருக்கிறது, எடுத்தால் 25,424. கடைக்காரரின் செலவும் லாபமும் முப்பது சதம் என்று வைத்துக்கொள்வோம். இது என் அனுமானம், பிராண்டுப் பொருளுக்கு இதற்கு மேலும் இருக்கும். மிஞ்சுவது 17,797. அதற்குள் 11 சதம் சுங்க வரியும் கூடுதல் வரியும் இருப்பதாகக் கொண்டால் 16,033. ஆக, அதிகாரியின் இணைய விலையை முழுக்க ஒப்புக்கொண்டாலும், இந்தியக் கரைக்கு வந்து சேர்ந்த நிலையில் அந்தப் பையின் மதிப்பு சுமார் 16,000. இதில் போக்குவரத்தும் காப்பீடும் ஏற்கனவே அடக்கம், அவற்றைத் திரும்பச் சேர்க்கக்கூடாது.

இரண்டாவது கோளாறு சின்னது, ஆனால் மறுக்கவே முடியாதது. 20 சதம் போக்குவரத்து என்பது உண்மையான செலவு தெரியாதபோது போடும் அளவு. விமானத்தில் வந்த பொருளுக்கு அதுவே உச்சவரம்பும்கூட. உங்கள் பார்சலின் மேல் 45 டாலர் தபால் செலவு என்று அச்சாகி ஒட்டியிருக்கிறது. தெரிந்த செலவு இருக்கும்போது 7,280 எதற்கு? 45 டாலர் என்றால் 2,880 ரூபாய். காப்பீட்டுக்கு ரசீது இல்லாததால் 1.125 சதம் நியாயம்தான், அதை விட்டுவிடுங்கள்.

அப்படியானால் நீங்கள் கேட்க வேண்டிய மதிப்பு என்ன? 250 டாலருக்கு 16,000 ரூபாய், போக்குவரத்து 2,880, காப்பீடு 180, மொத்தம் 19,060. வரி 5,905. இது முதல் கோரிக்கை. ஏற்காவிட்டால் மாற்றாக: கைப்பை 16,000 எல்லாம் அடங்கியதாக, மற்ற இரண்டுக்கும் 6,400, அவற்றின் பங்குக்கு வரும் போக்குவரத்து 1,152, காப்பீடு 72, மொத்தம் 23,624. வரி 7,319. இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். ஒரே எண்ணோடு போய் நின்றால் அதிகாரிக்கு ஏற்பது, மறுப்பது என்ற இரண்டே வழி. மாற்று எண்ணும் கையில் இருந்தால் அவர் இறங்கிவர ஒரு படி கிடைக்கிறது. உங்களுக்கும் 13,659 எங்கே, 7,319 எங்கே.

முதல் கோரிக்கைக்கு ஆதாரம் வேண்டும். அக்காவிடம் இன்றே கேட்டு வாங்குங்கள்: மூன்று பொருளுக்கும் கடை ரசீது, கார்டில் காசு போனதைக் காட்டும் வங்கி அறிக்கையின் அந்த ஒரு பக்கம் (மற்ற வரிகளை மறைத்துவிடலாம்), தள்ளுபடி இருந்ததைக் காட்டும் கடையின் மின்னஞ்சலோ பக்கமோ இருந்தால் அது, தபால் செலவுச் சீட்டு. ரசீதில் பொருளின் மாடல் எண் இருந்தால் பையில் உள்ள சீட்டின் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இதில் ஒரு நேர்மையான எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். கனடாவில் அக்கா கொடுத்த கடை விலை, விதியின் எழுத்துப்படி இந்தியாவுக்கான ஏற்றுமதி விற்பனை அல்ல. 9ஆம் விதியின்படி மதிப்பிட்டால் ஏற்றுமதி நாட்டின் உள்நாட்டு விலையை அடிப்படையாக வைக்கக்கூடாது என்றும் ஒரு வரி இருக்கிறது. கண்டிப்பான அதிகாரி ஒருவர் ரசீதை இப்படி ஒதுக்க முடியும். ஆனாலும் நடைமுறையில் காசு கைமாறியதற்கான ஒரே உண்மையான சாட்சி அதுதான் என்பதால், மாடல் எண்ணும் வங்கிப் பதிவும் பொருந்தும் ரசீதைப் பெரும்பாலும் ஏற்கிறார்கள். ஏற்காத நாளுக்காகத்தான் 7ஆம் விதிக் கணக்கு.

ரசீது இல்லையென்றால் ஒன்றைப் புதிதாகத் தயாரிக்கச் சொல்லாதீர்கள். நண்பரின் கடையில் ஒரு பில் போட்டு வாங்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. பொய் ஆவணம் என்று தெரிந்தால் வழக்கு வரிப் பிரச்சினையிலிருந்து அபராதம், பறிமுதல் என்று வேறு பாதைக்குப் போய்விடும். அதேபோல, மதிப்பைக் குறைக்கலாம் என்று "பழையது, உபயோகித்தது" என்று எழுதவும் வேண்டாம். பழைய பொருட்களின் இறக்குமதிக்குத் தனிக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. புதுப் பையைப் பழையது என்று சொல்லி, வரி கட்டி எடுக்கக்கூடிய பொருளை அனுமதி கேட்க வேண்டிய பொருளாக நீங்களே ஆக்கிவிடுவீர்கள்.

பதில் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். கடிதத்தில் கையெழுத்திட்ட அதிகாரியின் பதவிப் பெயருக்கு, கடித எண்ணும் பார்சலின் 13 எழுத்து கண்காணிப்பு எண்ணும் போட்டு எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் கோப்பு வேகமாக நகரும். ஆனால் சாரம் இதுதான்:

> தங்கள் கடிதம் கிடைத்தது. வரி விதிப்பை நான் எதிர்க்கவில்லை. மதிப்பீட்டை ஏற்கவில்லை.
>
> கைப்பையின் மதிப்பு இந்தியச் சில்லறை விலையிலிருந்து, 7ஆம் விதி கோரும் கழிவுகள் இன்றி எடுக்கப்பட்டுள்ளது. வரிகளும் கடை லாபமும் போக்குவரத்தும் அதில் ஏற்கனவே அடங்கியுள்ளன. தபால் செலவு 45 டாலர் என்று பார்சலின் மேலேயே தெரிந்திருக்க, 20 சதம் சேர்க்கப்பட்டுள்ளது.
>
> அனுப்பியவரின் ரசீதும் வங்கிப் பதிவும் இணைத்துள்ளேன். அதன்படி மதிப்பு 19,060 ரூபாய். அதை ஏற்க இயலாவிட்டால், இணைப்பில் உள்ள கணக்கின்படி 23,624 ரூபாயாக நிர்ணயிக்கக் கோருகிறேன்.
>
> அறிவித்த மதிப்பைச் சந்தேகிக்கும் காரணங்களை 12ஆம் விதிப்படி எழுத்தில் தரவும், முடிவுக்கு முன் என் தரப்பைக் கேட்கவும், மாறுபட்ட முடிவானால் காரணங்களுடன் கூடிய ஆணை பிறப்பிக்கவும் வேண்டுகிறேன்.

அந்தக் கடைசிப் பத்தியை யாரும் எழுதுவதில்லை. ஆனால் கடிதத்தின் பலமே அதில்தான் இருக்கிறது. 12ஆம் விதி அதிகாரிக்குச் சந்தேகப்படும் அதிகாரத்தைக் கொடுக்கிறது. கூடவே, கேட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், பேச வாய்ப்புத் தர வேண்டும் என்ற கடமையையும் வைக்கிறது. "கேட்டால்" என்பதைக் கவனியுங்கள். கேட்காதவருக்கு அவர் எழுதித்தர வேண்டியதில்லை. காரணங்களோடு வரும் ஆணையை அலுவலகத்தில் ஸ்பீக்கிங் ஆர்டர் என்பார்கள். நீங்கள் எழுத்தில் ஒப்புக்கொள்ளாத மதிப்பீட்டுக்கு அதைப் பதினைந்து நாளுக்குள் தர வேண்டும் என்று சுங்கச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. "இணையத்தில் சரிபார்த்தபடி" என்ற ஒரே வரியைக் காரணமாக எழுதி ஓர் ஆணை போடுவது எந்த அதிகாரிக்கும் சங்கடம். எனக்குத் தெரிந்த பல பார்சல்களில் மதிப்பு இறங்கியது இந்த இடத்தில்தான்.

பதிலைக் கடிதத்தில் உள்ள மின்னஞ்சலுக்கு அனுப்பி, ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். கூடவே ஆதார் போன்ற அடையாள நகல் ஒன்று. பார்சலைக் கேள்வி முடியும்வரை திருப்பி அனுப்ப வேண்டாம் என்று ஒரு வரி சேருங்கள், ஏனென்றால் பதில் வராத பார்சல் குறிப்பிட்ட நாளுக்குப் பின் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். உங்களுடையது தபால் என்பதால் நேரடியாக எழுதலாம். இதுவே கூரியரில் வந்திருந்தால் வழி வேறு. அங்கே கூரியர் நிறுவனம் உங்கள் சார்பில் தாக்கல் செய்து, வரியையும் தானே கட்டிவிட்டு உங்களிடம் வசூலிக்கும். ஆகவே ஆட்சேபம் அவர்களுடைய கிளியரன்ஸ் பிரிவுக்கு, வரி கட்டப்படுவதற்கு முன்னால் எழுத்தில் போய்ச் சேர வேண்டும்.

இன்னொன்று. நீங்கள் கடிதத்தின் படத்தை அனுப்பாததால் சொல்கிறேன்: அது உண்மையான சுங்கக் கடிதம்தானா என்று பார்த்துவிடுங்கள். வெளிநாட்டு கிஃப்ட் என்று சொல்லி ஏமாற்றுபவர்கள் அதிகம். தபால் பார்சலின் வரி தபால் அலுவலகம் வழியாகத்தான் வசூலாகும். தனிநபர் வங்கிக் கணக்குக்கோ யுபிஐ எண்ணுக்கோ அனுப்பச் சொன்னால் அது சுங்கம் இல்லை. சுங்கத்துறை மக்களுக்கு அனுப்பும் கடிதங்களுக்கு 2019 நவம்பர் முதல் டிஐஎன் என்ற ஆவண எண் உண்டு, மத்திய மறைமுக வரி வாரியத்தின் தளத்தில் அதைப் போட்டுச் சரிபார்க்கலாம். அக்காவின் பார்சல் எண்ணை இந்தியா போஸ்ட் தளத்தில் போட்டு, அது சுங்கத்தில் நிற்பதாகக் காட்டுகிறதா என்றும் பாருங்கள்.

மதிப்பு குறையவே இல்லையென்றால்? பொருளை எடுக்காமல் விடலாம், அக்காவுக்கே திரும்பும். எடுக்க வேண்டுமென்றால், ஆட்சேபத்துடன் கட்டுவதாக எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டி எடுத்துக்கொண்டு, ஆணை கைக்கு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் சுங்க ஆணையரிடம் (மேல்முறையீடு) போகலாம். தக்க காரணம் இருந்தால் மேலும் 30 நாள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பணத்தைத் திரும்பக் கேட்கும் மனுவுக்கு ஓராண்டு அவகாசம் என்று கேள்விப்பட்டு, மேல்முறையீட்டை விட்டுவிட்டு அதற்காகக் காத்திருப்பவர்கள் உண்டு. 2019இல் ஐடிசி நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: மதிப்பீட்டு ஆணையை மாற்றாமல் பணம் திரும்பக் கேட்க முடியாது. ஆட்சேபத்துடன் கட்டினேன் என்பது மட்டும் போதாது. ஆகவே 60 நாள்தான் உங்கள் உண்மையான கெடு. பெருக்கலிலோ கூட்டலிலோ வெறும் எழுத்துப் பிழை நேர்ந்திருந்தால் மட்டும் 154ஆம் பிரிவில் திருத்தச் சொல்லலாம், அதற்கு மேல்முறையீடு வேண்டாம். உங்கள் தாளில் அப்படி எதுவும் இல்லை.

இந்தத் தொகைக்கு வக்கீல் வைத்து மேல்முறையீடு செய்வது கட்டுபடியாகாது. நீங்களே எழுதலாம், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் இந்த ஏழு நாளில் அனுப்பும் ஒரு பக்கத்துக்கே முழு உழைப்பையும் போடச் சொல்கிறேன். இன்று இரவே அக்காவிடம் ரசீதைக் கேளுங்கள். அங்கே இப்போது பகலாக இருக்கும்.